மடிப்பாக்கம் வீடு: ஞாயிறு ஓப்பன் ஹவுஸில் எங்கே நிறுத்தி என்ன சொல்வது

ஞாயிறு காலை 10 முதல் 1 வரை. வருகிறவர்களை நீங்கள் அழைத்துச் சுற்றிக் காட்டுங்கள். பத்திரங்களோடு நான் கூடத்து மேசையில் இருப்பேன். ஒரு நேரத்தில் ஒரு குடும்பம் மட்டும் உள்ளே. அடுத்தவர்கள் கீழே காத்திருக்கட்டும். நாற்காலியும் மோரும் அங்கே இருக்கும்.

வீட்டின் விவரம்: ஒன்றரை கிரவுண்டில் ஆறு வீடுகள், 2016-ல் முடிந்த கட்டடம், லிஃப்ட் உண்டு. நம்முடையது இரண்டாம் மாடி, வடக்குப் பார்த்த வாசல், 1,050 சதுர அடி, நிலத்தில் நம் பங்கான யுடிஎஸ் 600 சதுர அடி, கூரையுள்ள கார் நிறுத்துமிடம் ஒன்று. கேட்கும் விலை 84 லட்சம். உரிமையாளர் அம்மா மகனோடு கோயம்புத்தூரில் குடியேறுகிறார். அவசர விற்பனை இல்லை. அவசரம் என்று நாமாகச் சொல்லவும் கூடாது.

மடிப்பாக்கம் என்றதும் வாங்க வருகிறவர் மனத்தில் எழும் முதல் சொல் தண்ணீர், இரண்டாவது, விலை. இரண்டையும் அவர் வாயிலிருந்து வரவழைக்காமல் நாமே எடுத்துவிட வேண்டும். அதனால் இந்த நடை கூடத்தில் தொடங்கவில்லை, தெருவில் தொடங்குகிறது.

தெருவில், கேட்டுக்கு வெளியே

கார் நின்றதும் உள்ளே கூப்பிடாதீர்கள். கேட்டுக்கு முன்னால் நிறுத்தி இதைச் சொல்லுங்கள்:

"வணக்கம் சார், வணக்கம் அம்மா. மேலே போவதற்கு முன் இங்கே இரண்டு நிமிடம். இது தாழ்வான பகுதி. கீழ்க்கட்டளை ஏரி, நாராயணபுரம் ஏரி வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகிற தண்ணீர் இந்தச் சுற்றுவட்டாரத்தைத் தொட்டுத்தான் போகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் இந்தத் தெருவில் தண்ணீர் இரண்டு நாள் நின்றது. வாருங்கள், அது இந்தக் கட்டடத்தில் எதுவரை வந்தது என்று காட்டுகிறேன்."

பிறகு சரிவுப் பாதையில் ஏறிக் கார் நிறுத்துமிடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். லிஃப்டை ஒட்டிய இரண்டாவது தூணில், தரையிலிருந்து அரை அடி உயரத்தில் பழுப்புக் கோடு ஒன்று இருக்கிறது. வெள்ளை அடித்து மறைத்துவிடலாமா என்று காவலாளி கேட்டார். தொடவே கூடாது என்று சொல்லிவிட்டேன். அந்தக் கோட்டில் கை வைத்துக் காட்டுங்கள்.

"கட்டடம் 2015 வெள்ளத்துக்குப் பிறகு முடிந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் தரையைச் சாலையிலிருந்து மூன்றடி உயர்த்திக் கட்டினார்கள். அப்படியும் 2023-ல் இந்தக் கோடுவரை வந்தது. வீடுகளுக்குள் ஏறவில்லை. லிஃப்ட் குழியில் தண்ணீர் இறங்கியதால் ஒரு வாரம் லிஃப்ட் ஓடவில்லை. மின்சாரம் மூன்று நாள் இல்லை. கீழ்த்தொட்டியில் தெருத் தண்ணீர் கலந்தது. கழுவிவிட்டு, அதன் வாயை இரண்டடி உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். இதோ பாருங்கள்."

தொட்டி மூடியைத் திறந்தே காட்டுங்கள். மின் மீட்டர் பலகை தலை உயரத்தில் இருப்பதையும் காட்டுங்கள். "இனிமேல் வராதா?" என்று கேட்பார்கள். வராது என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். சொல்ல வேண்டியது: "மழையை யாரும் உறுதி சொல்ல முடியாது. கன மழை எச்சரிக்கை வந்தால் காரை எடுத்து மேட்டில் விட வேண்டியிருக்கும். இங்கே இருப்பவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். முதல் மாடியில் இருப்பவரிடம் நீங்களே கேட்டுக்கொள்ளலாம்." அவரிடம் பேசி வைத்திருக்கிறேன், ஞாயிறு வீட்டில் இருப்பார். நாம் பக்கத்தில் நிற்காமல் அவர்களைத் தனியே பேசவிடுங்கள்.

இதைக் கேட்டதும் சிலர் அங்கிருந்தே திரும்பிவிடுவார்கள். திரும்பட்டும். பதிவு முடிந்து முதல் மழையில் இந்தக் கோட்டைத் தானே கண்டுபிடிக்கிற குடும்பத்தின் முகத்தை நம்மால் பார்க்க முடியாது.

கூடம், படுக்கையறைகள்

இங்கே பேச்சைக் குறையுங்கள். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், விளக்கு எரிய வேண்டாம். காலை வெளிச்சம் போதும். சின்னப் படுக்கையறையின் மேற்குச் சுவரில் ஓதக்கறை இருந்த இடத்துக்குப் போன மாதம் பூச்சு வேலை நடந்தது. "இங்கே கசிவு இருந்தது, வெளிச்சுவரில் பூசிச் சரிசெய்திருக்கிறார்கள், ரசீது மேசையில் இருக்கிறது" என்று ஒரு வரி போதும்.

விலைக் கேள்வி பெரும்பாலும் இங்கேதான் முளைக்கும். "1,050 என்றீர்கள், பார்த்தால் அவ்வளவு தெரியவில்லையே?" உங்கள் பையில் இருக்கும் டேப்பை எடுத்து அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

"நியாயமான கேள்வி சார். 1,050 என்பது மாடிப்படி, லிஃப்ட், நடைபாதை எல்லாவற்றிலும் உள்ள பங்கைச் சேர்த்த கணக்கு. சுவருக்குள் புழங்கும் இடம் 790 சதுர அடி. நீங்களே அளந்து பாருங்கள். வேறு எந்த வீட்டைப் பார்த்தாலும் இந்த இரண்டு எண்களையும் கேளுங்கள்."

சமையலறை

குழாயைத் திறந்துவிட்டுச் சொல்லுங்கள்: "குடிக்கவும் சமைக்கவும் மெட்ரோ வாட்டர். மற்றதற்கெல்லாம் போர் தண்ணீர். அது கடினத் தண்ணீர். கோடையில் சில வாரம் லாரி வாங்குகிறார்கள். பராமரிப்பு மாதம் 2,500. லாரிச் செலவு தனி." சங்கத்தின் சென்ற கோடைக் கணக்கு மேசையில் இருக்கிறது. பாத்திரம் கழுவும் தொட்டியில் உப்புப் படிந்த வெள்ளைத் தடத்தைத் தேய்த்து எடுக்க வேண்டாம் என்று உரிமையாளர் அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

பால்கனி

தூரம் பற்றிய பேச்சு இங்கே. "வேளச்சேரி என்றால் பறக்கும் ரயில் இருக்கிறது, இங்கே என்ன இருக்கிறது?" என்பார்கள்.

"ரயில் நிலையம் நடக்கிற தூரத்தில் இல்லை, அது உண்மை. வேளச்சேரி நிலையம் 4 கி.மீ., பரங்கிமலை 5 கி.மீ. திங்கட்கிழமை காலை எட்டரைக்குக் கிளம்பினால் தரமணி போய்ச் சேர முக்கால் மணி நேரம் பிடிக்கிறது. மேடவாக்கம் பிரதான சாலையில் நீங்கள் பார்த்துக்கொண்டு வந்த மெட்ரோ தூண்கள், மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் இரண்டாம் கட்ட வழித்தடத்துடையவை. மடிப்பாக்கத்திலும் நிலையம் வருகிறது, இங்கிருந்து 1.1 கி.மீ. அதே தடத்தில் ஆலந்தூரிலும் பரங்கிமலையிலும் இப்போதைய மெட்ரோவுக்கு மாறிக்கொள்ளலாம்."

எப்போது திறக்கும் என்று கேட்டால் தேதி சொல்லாதீர்கள். "அந்தத் தேதியை நம்பி வாங்காதீர்கள் சார். இன்றைய போக்குவரத்து உங்களுக்கு ஒத்துவருமா என்று பாருங்கள். ஒரு வேலை நாளில் காலையில் இங்கிருந்து உங்கள் அலுவலகத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுப் பிறகு பேசலாம்." மெட்ரோவைக் காட்டி விலையை நியாயப்படுத்துவது இந்த வட்டாரத்தில் எல்லாரும் செய்கிற வேலை. நாம் செய்ய வேண்டாம்.

வாஸ்து கேட்டால் வரைபடத்தைக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் தங்கள் ஆளிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

மேசை: விலை

இங்கே நான் பேசுகிறேன். ஆனாலும் நீங்கள் மனப்பாடமாக வைத்திருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு குடும்பம் உட்கார்ந்துவிட்டால் ஒன்றை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

முதல் மறுப்பு: "பழைய வீட்டுக்குச் சதுர அடி 8,000 அதிகம். பக்கத்துத் தெருவில் 7,400-க்குக் கிடைக்கிறது."

"கிடைக்கிறது சார், நானும் அந்த வீட்டைப் பார்த்தேன். அது 2012 கட்டடம், மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. உங்களோடு பெற்றோர் இல்லை, படியேறுவது சிரமமில்லை என்றால் அதையும் பாருங்கள். இங்கே நான் கேட்கும் விலையைப் பிரித்துக் காட்டுகிறேன். யுடிஎஸ் 600 சதுர அடி. இந்தத் தெருவில் மனை சதுர அடி 8,500-க்குப் போகிறது. நிலத்துக்கு 51 லட்சம். மீதி 33 லட்சம்தான் கட்டடத்துக்கும், கார் நிறுத்துமிடத்துக்கும், மரவேலைக்கும். மனை விலை அதைவிடக் குறைவு என்று நீங்கள் விசாரித்துக்கொண்டு வந்தால், அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பேசலாம்." அரசின் வழிகாட்டி மதிப்பை tnreginet.gov.in தளத்தில் எடுத்து அச்சிட்டு வைத்திருக்கிறேன். அது சந்தை விலை அல்ல என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இரண்டாவது: "இன்னும் கொஞ்சம் போட்டால் புது வீடே வாங்கிவிடலாமே?"

"கணக்குப் பார்க்கலாம் சார். மெயின் ரோட்டருகே கட்டிக்கொண்டிருக்கும் வீடு சதுர அடி 9,200. இதே அளவுக்கு 96.6 லட்சம். கட்டுமானத்தில் இருப்பதால் ஜிஎஸ்டி 5 சதவீதம், 4.83 லட்சம். ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. கார் நிறுத்துமிடம் தனி. முடிந்த வீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. நிலத்தைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்கிற தளப்பரப்புக் குறியீடு 2019 விதிகளில் 1.5-லிருந்து 2 ஆனதால் அதே நிலத்தில் கூடுதல் வீடு கட்டுகிறார்கள். அங்கே உங்கள் பங்கு நிலம் 490 சதுர அடி. புது வீட்டில் புதுக் குழாய், புது லிஃப்ட், அது நிச்சயம் நல்லது. சாவி வரும்வரை வாடகையும் வங்கித் தவணையும் சேர்ந்து கட்ட முடியுமா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்."

மூன்றாவதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். விலை அதிகம் என்பார்கள். உள்ளே இருப்பது கைப்பணப் பற்றாக்குறை. அதைத் தெரிந்துகொண்டு இந்தக் காகிதத்தை மெதுவாக அவர்கள் பக்கம் நகர்த்துங்கள்: விலை 84 லட்சம். வங்கி 80 சதவீதம் கொடுத்தால் 67.2 லட்சம். கையிலிருந்து 16.8 லட்சம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம்: 7.56 லட்சம், இதற்குக் கடனை நம்ப முடியாது. மொத்தம் கையிலிருந்து ஏறக்குறைய 24.4 லட்சம். 50 லட்சத்துக்கு மேல் என்பதால் 1 சதவீத டிடிஎஸ், 84,000 ரூபாயை, விற்பவருக்குத் தரும் தொகையில் பிடித்து வாங்குபவர் வரித்துறைக்குக் கட்ட வேண்டும். அது கூடுதல் செலவில்லை. கருப்பில் பாதி, வெள்ளையில் பாதி என்று யாராவது ஆரம்பித்தால் உரிமையாளர் அம்மா முழுத் தொகையையும் பத்திரத்தில் காட்டித்தான் விற்கிறார் என்று சொல்லி அங்கேயே முடித்துவிடுங்கள்.

"கடைசி விலை என்ன?" 84-லிருந்து இறங்கலாம், எவ்வளவு என்பது கால அளவைப் பொறுத்தது. "முப்பது நாளில் ஒப்பந்தம், அடுத்த அறுபது நாளில் கிரயம் என்றால் அம்மாவிடம் பேசிக் குறைத்துத் தரக் கேட்கிறேன். உங்கள் விலையைக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள்." இன்னொருவர் 83-க்குக் கேட்டுவிட்டார் என்ற பொய் நம் மேசையில் கூடாது. உண்மையாகவே யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் சொல்லலாம்.

கிளம்பும்போது

"யோசித்துச் சொல்கிறோம்" என்பவரை மடக்க வேண்டாம். தாய்ப்பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா, சிஎம்டிஏ வரைபடம், பணி நிறைவுச் சான்று, சொத்து வரி ரசீது ஆகியவற்றின் நகல் ஒரு உறையில் இருக்கும். அதைக் கொடுத்து, "உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள். அவர் கேட்கும் கேள்விகளைச் செவ்வாய்க்குள் அனுப்பினால் வியாழனுக்குள் பதில் தருகிறேன்" என்று சொல்லுங்கள். டோக்கன் அட்வான்ஸ் தர முன்வந்தாலும் வக்கீல் பார்க்கும்வரை வாங்காதீர்கள். அவர்கள் சொன்ன மறுப்பை அவர்கள் சொன்ன சொல்லிலேயே பெயருக்குப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணிக்குக் கதவைப் பூட்டியதும் அந்தக் குறிப்புகளை உரிமையாளர் அம்மாவுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டப் போகிறேன். விலையை மாற்றுவதா வேண்டாமா என்று அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.