நம் கூட்டுறவுக் கழகத்தின் 2024 கணக்கு: சுங்கை சிப்புட் உறுப்பினர்களுக்குப் பொருளாளர் எழுதுவது

ஐயா, அம்மா, அண்ணன், அக்கா எல்லாருக்கும் வணக்கம்.

2025 மே 18, ஞாயிறு காலை 10 மணிக்குத் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் ஆண்டுப் பொதுக் கூட்டம். கணக்காய்வாளர் கையெழுத்துப் போட்ட முழு அறிக்கை அலுவலகத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து புரட்டிப் பார்க்கலாம். ஆனால் அந்த அறிக்கையைக் கையில் கொடுத்தால் பாதிப் பேர் கடைசிப் பக்கத்தைத் திருப்பி "லாப ஈவு எத்தனை விழுக்காடு?" என்று மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். அதனால்தான் அதே கணக்கை நாம் பேசுகிற மாதிரியே இங்கே எழுதுகிறேன். எல்லாத் தொகையும் ரிங்கிட்டில், 2024 டிசம்பர் 31 வரைக்குமான கணக்கு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த ஆண்டு நிர்வாகம் முன்வைக்கும் லாப ஈவு 4%. போன ஆண்டு 5% கொடுத்தோம். ஏன் குறைந்தது என்பதைத்தான் கீழே பார்க்கப் போகிறீர்கள்.

வரவு

கடை விற்பனை 612,480
விற்ற சரக்கின் அடக்கவிலை 540,500
கடையின் மொத்த லாபம் 71,980
கடைவீட்டு வாடகை 22,650
உறுப்பினர் கடனுக்கான சேவைக் கட்டணம் 9,420
வங்கி நிரந்தர வைப்பின் வட்டி 3,900
மொத்த வரவு 107,950

அடக்கவிலை எப்படி வந்தது என்றால், ஆண்டுத் தொடக்கத்தில் கையிருப்புச் சரக்கு 41,300, வாங்கியது 537,900, டிசம்பர் 31 இரவு எண்ணிப் பார்த்தபோது மீதி 38,700. நூறு வெள்ளிக்கு விற்றால் நமக்கு நிற்பது பன்னிரண்டு வெள்ளிகூட இல்லை. அரிசி, எண்ணெய், சீனியில் லாபம் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது, அதற்காகத்தான் இந்தக் கடையையே நடத்துகிறோம். அப்படியும் கடையின் லாபம் 2023ஐவிட 2,300 கூடியிருக்கிறது. கடையில் நிற்கும் இரண்டு பிள்ளைகளின் உழைப்பு அது.

வாடகையில்தான் அடி விழுந்தது. கீழ்த்தளம் மாதம் 1,400, தவறாமல் வந்தது. மேல்தளம் 650, அங்கே இருந்த டியூஷன் வகுப்பு காலி செய்த பிறகு மூன்று மாதம் பூட்டிக் கிடந்தது. அதில் 1,950 போச்சு.

செலவு

சம்பளம், ஊழியர் சேமநிதி, சொக்சோ 51,000
மின்சாரம், தண்ணீர் 8,340
கூரைப் பழுது 4,900
மதிப்பீட்டு வரி, நில வரி 1,760
கணக்காய்வுக் கட்டணம் 3,200
பொதுக் கூட்டச் செலவு 2,650
தேய்மானம் 5,800
வராக்கடன் ஒதுக்கீடு 3,600
சிறப்பு வைப்புக்குக் கொடுத்த வட்டி 1,600
உரிமம், எழுதுபொருள், போக்குவரத்து 2,300
மொத்தச் செலவு 85,150

நிகர லாபம் 22,800

2023இல் இது 27,350. ஆக 4,550 குறைவு. கூரைக்குப் போன 4,900, வராத வாடகை 1,950, இரண்டும் சேர்ந்து 6,850. கடையில் கூடிய 2,300ஐக் கழித்தால் அதே 4,550 வந்துவிடுகிறது, மற்றதெல்லாம் ஏறக்குறைய போன ஆண்டு மாதிரியேதான். கூரையை இன்னும் ஒரு மழைக்காலம் தள்ளிப்போட்டிருந்தால் லாபம் அழகாகத் தெரிந்திருக்கும், ஆனால் மேல்தளம் காலியானதற்கே அந்த ஒழுகல்தான் காரணம், இனியும் தள்ளிப்போட முடியாது என்றுதான் செய்தோம்.

வருமான வரி இல்லை. உறுப்பினர் நிதி 750,000 ரிங்கிட்டுக்குக் கீழே இருக்கும் கூட்டுறவுக் கழகத்துக்கு வரிவிலக்கு உண்டு, நாம் அந்த எல்லைக்கு வெகு கீழே இருக்கிறோம்.

லாபத்தைப் பிரிக்கும் விதம்

நிகர லாபம் 22,800
சட்டப்படியான சேமநிதிக்கு 25% 5,700
கூட்டுறவுக் கல்வி அறநிதிக்கு 2% 456
கூட்டுறவு மேம்பாட்டு அறநிதிக்கு 1% 228
மீதி 16,416
முந்திய ஆண்டுகளின் மிச்சம் 3,140
பங்கிடக்கூடியது 19,556

லாப ஈவு 4% 12,344
மாணவர் உதவி நிதி 2,000
மரண உதவி நிதி 1,500
நிர்வாகத்தினர் மதிப்பூதியம் 1,200
அடுத்த ஆண்டுக்கு 2,512

"பங்கிடக்கூடியது" என்ற வரிக்கு மேலே உள்ள மூன்று ஒதுக்கீட்டையும் கூட்டத்தில் கை தூக்கி மாற்ற முடியாது. 1993ஆம் ஆண்டு கூட்டுறவுக் கழகச் சட்டமும் நம் துணைவிதியும் சொல்கிறபடி முதலில் அவை போகும், அப்புறம்தான் மற்ற எல்லாம். கீழே உள்ளவை நிர்வாகத்தின் பரிந்துரை, முடிவு செய்வது நீங்கள். மதிப்பூதியம் வேண்டாம் என்று கூட்டம் சொன்னால் அந்த 1,200 மிச்சத்தில் சேர்ந்துவிடும், எனக்கு அதில் வருத்தமில்லை.

போன ஆண்டுக் கூட்டத்தில் ஓர் அண்ணன் எழுந்து, "சேமநிதியில் ஒரு லட்சத்துக்கு மேல் சும்மா கிடக்கிறது, துணைவிதியிலேயே 10% வரை கொடுக்கலாம் என்று இருக்கிறது, அப்புறம் ஏன் 5%?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அன்றைக்கு நேரம் இல்லாமல் சரியாகப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன், அது மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. இப்போது சொல்கிறேன்.

10% என்பது உச்சவரம்பு. அதற்கு மேல் போகக்கூடாது என்றுதான் விதி சொல்கிறது, அவ்வளவு கொடுத்தாக வேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை. ஆண்டு முழுக்க நம்மிடம் இருந்த பங்குத்தொகை 308,600. அதில் 10% என்றால் 30,860. ஆனால் நாம் சம்பாதித்ததே 22,800, சேமநிதிக்கு ஒரு காசு போடாமல் முழுவதையும் அள்ளிக் கொடுத்தாலும் எட்டாது. மீதியைச் சேமநிதியிலிருந்து எடுக்கலாமே என்றால், அது லாப ஈவாகப் பங்கு போடுவதற்காக வைத்த பணம் இல்லை. ஒருவர் விலகிப் போகும்போதுகூட அவர் போட்ட பங்கு மட்டும்தான் திரும்பக் கிடைக்கும், சேமநிதியில் பங்கு கேட்க முடியாது. அது கழகத்தின் சொத்து, நஷ்டம் வந்தால் உங்கள் பங்குத்தொகையில் கை வைப்பதற்கு முன்னால் அடி வாங்குவது அதுதான்.

இதில் பழைய உறுப்பினர்களுக்கு ஒரு குறை உண்டு, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1978இல் பால் வெட்டிய கூலியிலிருந்து 100 வெள்ளி பங்கு போட்டவருக்கு இன்றைக்கும் அது 100 வெள்ளிதான். அன்றைய 100 வெள்ளிக்கு வாங்கியதை இன்றைக்கு வாங்க முடியுமா? முடியாது. ஆனால் கூட்டுறவில் பங்கு என்பது விலை ஏறி விற்பதற்காக இல்லை. 100 வெள்ளி வைத்திருப்பவருக்கும் 5,000 வைத்திருப்பவருக்கும் ஒரே ஓட்டு, லாப ஈவுக்கும் ஒரு வரம்பு. இந்த இரண்டும் இல்லாவிட்டால் பணமுள்ள நான்கு பேர் பங்கை வாரிக் குவித்துக்கொண்டு, வரும் லாபத்தையெல்லாம் ஈவாக உறிஞ்சிவிட்டு, கடையில் அரிசி விலையையும் ஏற்றிவிடுவார்கள். துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960இல் அவர் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் சிறுகச் சிறுகக் கட்டியவர்கள் நம் தாத்தா பாட்டிதான். கூலிக்காரர்களின் சில்லறைக்குச் சேர்ந்து நின்றால் என்ன பலம் என்பதை இந்த ஊருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

சேமநிதி, பங்கு முதலில் பாதியைத் தொடும்வரை 25% ஒதுக்க வேண்டும் என்பது நம் துணைவிதி. பாதி என்றால் 160,600. இப்போது இருப்பது 124,350. இன்னும் 36,250 வேண்டும்.

2024 டிசம்பர் 31 நிலவரம்

பங்கு முதல் 321,200
சட்டப்படியான சேமநிதி 124,350
பங்கிடாத லாபம் 19,556
மரண உதவி நிதி 5,900
மாணவர் உதவி நிதி 650
சிறப்பு வைப்பு 64,000
சரக்குக் கொடுத்தவர்களுக்குத் தர வேண்டியது 21,450
அறநிதிகளுக்குக் கட்ட வேண்டியது 684
வாடகை முன்பணம் 4,100
கட்ட வேண்டிய செலவுகள் 3,890
வாங்காமல் கிடக்கும் லாப ஈவு 6,270
மொத்தம் 572,050

கடைவீடு 268,600
குளிர்ப்பெட்டி, அலமாரி முதலியவை 9,850
சரக்கு 38,700
உறுப்பினர் கடன் 77,100
கடைப் புத்தகக் கடன் 11,260
நிரந்தர வைப்பு 130,000
வங்கி நடப்புக் கணக்கு 33,600
கட்டிய வைப்புத்தொகை 2,100
கல்லாவில் ரொக்கம் 840
மொத்தம் 572,050

கடைவீடு 2004 தொடக்கத்தில் 340,000க்கு வாங்கியது, கட்டடத்துக்கு ஆண்டுக்கு 3,400 வீதம் 21 ஆண்டுத் தேய்மானம் 71,400 கழித்த தொகைதான் மேலே இருக்கிறது. இன்றைய சந்தை விலையை ஏற்றி எழுதவில்லை.

பங்கு முதல் 318,400இல் தொடங்கியது. புதிதாக வந்தது 12,600, திருப்பிக் கொடுத்தது 9,800. ஆண்டுத் தொடக்கத்தில் 421 பேர், 14 பேர் சேர்ந்தார்கள், 8 பேர் விலகினார்கள், 11 பேர் காலமானார்கள், இப்போது 416. அந்த 11 குடும்பங்களுக்கும் தலா 300 வீதம் மரண உதவி 3,300 போய்ச் சேர்ந்தது. எட்டுப் பிள்ளைகளுக்கு மாணவர் உதவி 2,400.

உறுப்பினர் கடன் உண்மையில் 86,400 நிற்கிறது. 61 பேர் வாங்கியிருக்கிறார்கள், ஒன்பது பேர் ஆறு மாதத்துக்கு மேல் கட்டவில்லை, அவர்களின் பாக்கி 9,300 முழுவதையும் வராது என்று ஒதுக்கியிருக்கிறோம். ஒதுக்கியதால் கடன் தள்ளுபடி ஆகிவிடாது. கஷ்டம் என்றால் வந்து சொல்லுங்கள், மாதம் 50 வெள்ளி என்றாலும் தவணை போட்டுத் தருகிறோம். தலைமறைவாக இருந்தால் உங்களுக்காகக் கையெழுத்துப் போட்ட பக்கத்து வீட்டு அக்காவைத்தான் நாங்கள் கேட்க வேண்டி வரும், அது எங்களுக்குப் பிடித்த வேலை இல்லை.

அடுத்த ஆண்டுக்கு 2,512 வைப்பதற்கும் காரணம் இருக்கிறது. ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் இடங்களில் 2025 ஆகஸ்ட் 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700. கடையில் இருவருக்கும் இப்போது 1,500. ஐந்து மாதத்துக்கு 2,000 கூடும், ஊழியர் சேமநிதி, சொக்சோ அதற்கு மேல்.

800 வெள்ளி பங்கு வைத்திருப்பவருக்கு 4% என்றால் 32 வெள்ளி. அது பெரிய தொகை இல்லை என்று எனக்குத் தெரியும். கூட்டம் ஒப்புக்கொண்டால் ஜூன் 2 முதல் அலுவலகத்தில் அடையாள அட்டையைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம், அல்லது வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்தால் போட்டுவிடுகிறோம்.

கடைசியாக ஒன்று. காலமான 11 பேரில் நான்கு பேர் வாரிசு பெயரே எழுதிக் கொடுக்கவில்லை, அவர்கள் பங்கு இன்னும் நம் புத்தகத்திலேயே கிடக்கிறது, பிள்ளைகள் கிள்ளானிலும் ஜொகூரிலும் இருக்கிறார்கள். வாங்காமல் கிடக்கும் 6,270இலும் பெரும்பகுதி இப்படிப்பட்டதுதான். வாரிசுப் பாரம் மண்டப வாசலில் மேசை மேல் இருக்கும், கூட்டத்துக்கு வரும்போது வாரிசின் அடையாள அட்டை நகல் ஒன்றைக் கையோடு கொண்டு வாருங்கள்.