பண்டிகைக் கால போனஸ் 2026 – ஊழியர்களுக்கான சுற்றுநிருபம்

நிருவாகப் பிரிவு
அரிசி ஆலை, சம்மாந்துறை
2026.02.27

ஆலையின் சகல ஊழியர்களுக்கும்,

பெரும்போக நெல் வந்து குவியும் நேரத்திலேயே இம்முறை நோன்புப் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் அடுத்தடுத்து வருகின்றன. எனவே போனஸ் இரண்டு தடவையாக வழங்கப்படும். நோன்புப் பெருநாள் கொண்டாடுவோருக்கு மார்ச் 12, வியாழக்கிழமை. புத்தாண்டு கொண்டாடுவோருக்கு ஏப்ரல் 8, புதன்கிழமை. கிறிஸ்தவ ஊழியர்கள் விரும்பினால் நத்தாருக்கு எடுக்கலாம். மார்ச் 6க்கு முன் எழுதித் தரவும். எப்போது எடுத்தாலும் வருடத்துக்கு ஒரு போனஸ்தான்.

2026.02.28 அன்று குறைந்தது மூன்று மாத சேவை முடித்து, சேமலாப நிதிப் பட்டியலில் பெயர் உள்ள மாதச் சம்பள, நாட்கூலி ஊழியர் அனைவரும் தகுதியுடையவர்கள். பணம் வழங்கும் நாளில் சேவையில் இருக்க வேண்டும். மேஸ்திரி மூலம் மூடை ஏற்றி இறக்க வருபவர்கள் எமது பட்டியலில் இல்லை. ஆனாலும் அவர்கள் தோளில்தான் இந்த ஆலை ஓடுகிறது என்பதால், ஆளுக்கு 5,000 ரூபா அவரவர் கையிலேயே கொடுக்கப்படும், மேஸ்திரியிடம் கொடுக்கப்படமாட்டாது.

கணக்கு இப்படித்தான். ஒரு வருடம் முடித்தவருக்கு பெப்ரவரி மாத அடிப்படைச் சம்பளம் முழுவதும். ஓ.டி., சாப்பாட்டுப் படி, வரவுப் படி எதுவும் இதில் சேராது. போன வருடமும் இதைத்தான் பலர் கேட்டார்கள். வருடம் முடியாதவருக்கு வேலை செய்த மாதங்களுக்கு ஏற்ப. உதாரணமாக, 2025 செப்டெம்பர் 1இல் சேர்ந்த, 36,000 ரூபா அடிப்படைச் சம்பளம் பெறும் ஒருவருக்கு ஆறு மாதக் கணக்கில் 18,000 ரூபா. நாட்கூலிக்காரருக்கு கடந்த பன்னிரண்டு மாதங்களில் வேலை செய்த நாட்களைப் பன்னிரண்டால் வகுத்து, அதை நாட்கூலியால் பெருக்க வேண்டும். 240 நாள் வந்தவர், கூலி 1,800 ரூபா என்றால், இருபது நாள் கூலியான 36,000 ரூபா. கொதிகலன் பழுதால் ஆலை மூடியிருந்த நாட்களும் வந்த நாட்களாகவே எடுக்கப்படும். அது உங்கள் குற்றமல்ல.

மாதச் சம்பளக்காரர் சம்பளமற்ற விடுமுறை முப்பது நாளைத் தாண்டினால் ஒரு மாதப் பங்கு குறையும். பிரசவ விடுமுறையை இதில் சேர்க்கமாட்டோம். போனஸில் சேமலாப நிதிக்குப் பிடித்தம் இல்லை. சம்பள முற்பணக் கடனும் இதில் கழிக்கப்படாது, வழமைபோல் மாதச் சம்பளத்திலேயே கழியும்.

பெயர்ப் பட்டியலும் தொகையும் மார்ச் 5 அன்று கைவிரல் பதியும் இயந்திரத்துக்கு அருகில் ஒட்டப்படும். பிழை இருந்தால் மார்ச் 9, பிற்பகல் 4 மணிக்குள் சம்பளப் பிரிவில் சொல்லவும். வங்கிக் கணக்கு உள்ளவர்களுக்குக் கணக்கில் வரும். இல்லாதவர்கள் போனஸ் வழங்கும் நாளில் பிற்பகல் 2 முதல் 4 வரை காசாளரிடம் அடையாள அட்டையைக் காட்டிப் பெறலாம். வேறொருவரை அனுப்பினால் கொடுக்கமாட்டோம், மனைவி வந்தாலும் சரி, மச்சான் வந்தாலும் சரி.

முகாமையாளர் (நிருவாகம்)

பிரதி: சம்பளப் பிரிவு, காசாளர், அறிவித்தல் பலகை