வேல் விழா வாரம்: எல்லாருக்கும் நன்றி

அன்புள்ள அண்ணாமார், அக்காமார், தம்பி தங்கச்சிமாருக்கு,

தேர் பம்பலப்பிட்டிக்கு வந்ததிலிருந்து திரும்பிப் போகும்வரை நீங்கள் ஒழுங்காக இருந்து சாப்பிடக்கூட இல்லை. அதற்கு முதலில் நன்றி.

தோசை மாவை ஒரே அண்டாவில் விடாமல் மூன்றாகப் பிரித்து, ஒன்றை மட்டும் வெளியே பொங்கவிட்டு மற்ற இரண்டையும் குளிரில் வைத்தீர்கள். இரவு பத்து மணித் தோசையும் புளிப்பேறாமல் வந்தது அதனால்தான். பார்சல் மேசைத் தம்பிமார் சொதியை ஆறவிட்டுத் தனிப்பையில் கட்டியதால் ஓர் இடியப்பப் பார்சல்கூட நனைந்து திரும்பவில்லை. வாழையிலை முடிந்து தட்டுக்கு மாறிய பின்னேரம் முழுப் பாரமும் பாத்திரம் கழுவும் அக்காமார் தலையில்தான் விழுந்தது. கடையைத் தாங்கியது அவர்கள்தான்.

திங்கட்கிழமை கடை பூட்டு. மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கணக்கிட்டு இந்த மாதச் சம்பளத்தோடு தருவேன். ஊக்கத்தொகை தனி உறையில், எல்லாருக்கும் ஒரே அளவு. ஊருக்குப் போகிறவர்கள் ஞாயிறு மத்தியானத்துக்குள் கல்லாவில் சொல்லுங்கள், பஸ் காசும் சேர்த்துத் தரலாம். எண்ணெய் பட்டுக் கை சுட்டவர்கள் புண் ஆறும்வரை அடுப்புப் பக்கம் வரவேண்டாம். சம்பளம் குறையாது.

அன்புடன்,
முதலாளி