ஆடிச் செடல் திருவிழா: நன்கொடை வேண்டுகோளும் கணக்கு உறுதிமொழியும்

மாரியம்மன் துணை

கடலூர் முதுநகர்
22.06.2025

நம் தெருவாசிகளுக்கும், வெளியூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கும், அம்மனின் அன்பர்கள் எல்லோருக்கும் அறங்காவலர் குழுவின் வணக்கம்.

விசுவாவசு ஆண்டு ஆடிச் செடல் திருவிழா அம்மன் அருளால் கூடி வந்திருக்கிறது. ஆடி 9, ஜூலை 25 வெள்ளிக்கிழமை காப்புக் கட்டுகிறோம். அடுத்த வெள்ளி, ஆகஸ்ட் 1 பகலில் சாகை வார்த்தல், மாலையில் செடல். ஆடிப்பெருக்கு அன்று ஞாயிறு மாலை தீமிதி. திங்கட்கிழமை மஞ்சள் நீராட்டோடு நிறைவு.

பணம் கேட்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளாகத் திருவிழாக் கணக்கை வாய்மொழியாகச் சொல்லி முடித்துவந்தோம். பங்குனி மாதக் கூட்டத்தில் இளைஞர்கள் எழுந்து "கணக்கு எங்கே?" என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம். தவறு எங்களுடையது. பணம் வீணாகவில்லை என்பது எங்களுக்குத் தெரிந்தால் போதாது, கொடுத்தவருக்கும் தெரிய வேண்டும்.

போன வருடம் ரசீது போட்டுக்கொண்டிருந்தபோது, கருவாடு விற்கும் ஒரு பாட்டி வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, பத்தும் இருபதுமாக 120 ரூபாயை எண்ணி வைத்தார். "கேழ்வரகு வாங்கு தம்பி, எம் பேரெல்லாம் போட வேணாம்" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அந்த 120 ரூபாய் கேழ்வரகுக்குத்தான் போனதா என்று அவர் இன்று வந்து கேட்டால், பில்லை எடுத்துக் காட்ட எங்களால் முடிய வேண்டும். இந்த வருட ஏற்பாடு எல்லாம் அதை மனதில் வைத்துச் செய்ததுதான்.

போன ஆண்டு வரவு 4,86,350 ரூபாய், செலவு 4,71,920 ரூபாய். மீதி 14,430 ரூபாய் வங்கியில் இருக்கிறது. பில்களை எல்லாம் ஒரு கோப்பில் சேர்த்துக் கோயில் அலுவலக அறையில் வைத்திருக்கிறோம். மாலை 6 மணிக்கு மேல் யார் வேண்டுமானாலும் வந்து புரட்டிப் பார்க்கலாம்.

இந்த ஆண்டு மதிப்பீடு 5,40,000 ரூபாய். கூழுக்கும் அன்னதானத்துக்கும் 1,35,000, பந்தல், மின்விளக்குக்கு 95,000, நாதஸ்வரம், மேளம், பம்பை, உடுக்கைக்கு 82,000, பூ, பூஜைக்கு 78,000, தீமிதிக் குண்டத்துக்கும் பாதுகாப்புக்கும் 45,000, தெருக்கூத்துக்கு 45,000. மீதி 60,000 சிங்க வாகனத்துக்கு. ஃபெஞ்சல் புயல் மழையில் வாகன மண்டபத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதை நீங்கள் பார்த்தீர்கள். சிங்கத்தின் முன்கால் இரண்டும் உளுத்துப்போய், விரலால் அழுத்தினால் மரம் தூளாக உதிர்கிறது. அம்மனை அதன் மேல் எழுந்தருளச் செய்ய எங்களுக்குத் துணிவில்லை. வாணவேடிக்கை இந்த ஆண்டு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். அந்தப் பணம் வாகனத்துக்குப் போகட்டும்.

தலைக்கட்டு வரி போன ஆண்டு போலவே வீட்டுக்கு 500 ரூபாய். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போக ஆரம்பித்து ஒரு வாரம்தான் ஆகிறது. அதனால் தொழிலுக்குப் போகும் வீடுகளில் ஜூலை 10 வரை யாரும் வந்து கேட்க மாட்டார்கள். முடியாதவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். யார் வீட்டையும் விட்டுவிட்டு அம்மன் வீதியுலா போகாது. உபயம் ஏற்க விரும்புகிறவர்கள் ஜூலை 5-க்குள் சொல்லுங்கள்.

தயவுசெய்து எண் அச்சிட்ட ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள், எங்களில் ஒருவர் வந்து கேட்டாலும் சரி. அறக்கட்டளையின் வங்கிக் கணக்கு எண் ரசீதின் பின்பக்கம் இருக்கிறது. கோயில் வாசலில் உள்ள க்யூஆர் அட்டையும் அதே கணக்குக்குத்தான் போகும், தனிப்பட்டவர் கைப்பேசி எண்ணுக்கு அனுப்ப வேண்டாம். தலைவர், பொருளாளர் இருவர் கையெழுத்தும் இல்லாமல் அந்தக் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியாது. வருமான வரிக்கு 80ஜி சலுகை நம் அறக்கட்டளைக்கு இல்லை. அதை எதிர்பார்ப்பவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறோம்.

அப்புறம், கணக்கு. குழுவில் இல்லாத இருவரை, ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, இன்னொருவர் கல்லூரி முடித்த இளைஞர், தெருக்கூட்டமே தேர்ந்தெடுத்திருக்கிறது. ரசீது அடிக்கட்டையும் பில்லையும் ஒவ்வொன்றாக அவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். உண்டியல் மஞ்சள் நீராட்டு அன்று மாலை எல்லோர் முன்னிலையிலும் திறக்கப்படும். ஆவணி 1, ஆகஸ்ட் 17 ஞாயிறு காலை 10 மணிக்குக் கோயில் மண்டபத்தில் வரவு செலவு படிக்கப்படும். 50 ரூபாய் கொடுத்தவர் வரிசையும் அதில் வரும். பெயர் வேண்டாம் என்றவர்களுக்கு ரசீது எண் மட்டும். அதே கணக்கு ஒரு மாதம் வாசல் பலகையில் இருக்கும், வெளியூர்க்காரர்களுக்கு நகல் அனுப்புகிறோம்.

அன்றைக்கு அவசியம் வாருங்கள். கேள்வி இருந்தால் கூட்டத்திலேயே கேளுங்கள், பதில் சொல்லாமல் எழுந்து போக மாட்டோம்.

அம்மன் பணியில்,
தலைவர், செயலாளர், பொருளாளர்
மாரியம்மன் கோயில் அறங்காவலர் குழு