பொருள்: பில் எண் 4172 – 24 போர்ட் பிஓஇ சுவிட்ச் வாரண்டிக்குள் இரண்டாவது முறை பழுது, புதியதாக மாற்றித் தரவும்

12 மே 2025, திருப்பூர்

பெறுநர்: விற்பனை மேலாளர்
நகல்: சர்வீஸ் பிரிவு

வணக்கம் சார்,

2024 மார்ச் 18 அன்று உங்களிடம் வாங்கிய 24 போர்ட் பிஓஇ மேனேஜ்டு சுவிட்ச் மறுபடியும் பழுதாகிவிட்டது. மூன்று வருட வாரண்டி 2027 மார்ச் வரை இருக்கிறது. இந்த முறை எங்களுக்கு சர்வீஸ் வேண்டாம், புது சுவிட்ச்தான் வேண்டும். போனில் சொன்னால் பேச்சோடு போய்விடுகிறது என்பதால் மெயிலில் எழுதுகிறேன்.

முதல் பழுது போன நவம்பரில் வந்தது. சுவிட்ச் தானாக ஆஃப் ஆகி ஆன் ஆகிக்கொண்டே இருந்தது. உங்கள் இன்ஜினியர் வந்து பார்த்து, பவர் சப்ளை போய்விட்டது என்று எடுத்துப்போனார். திரும்பி வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. ஸ்டாண்ட்பை கேட்டதற்கு ஸ்டாக் இல்லை என்றார்கள். அதுவரை கேமரா ஒவ்வொன்றுக்கும் தனி அடாப்டர் போட்டு ஓட்டினோம், அந்தச் செலவும் எங்களுடையது. வந்தது அதே பழைய சுவிட்ச்தான். பவர் சப்ளை மட்டும் மாற்றியதாக உங்கள் ஜாப் ஷீட்டிலேயே இருக்கிறது.

இப்போது மே 8 இரவு 1 முதல் 8 வரையுள்ள போர்ட்களில் பிஓஇ பவர் ஒரே நேரத்தில் நின்றுபோனது. லாகில் பதிவானது இது:

```
May  8 23:41:52 PoE: PSE controller 0 not responding
May  8 23:41:52 PoE: ports 1-8 power disabled
```

மறுநாள் போனில் பேசியபோது "கேபிளைச் செக் பண்ணுங்க" என்றார்கள். பண்ணிவிட்டோம். அந்த எட்டு கேமராக்களையும் அதே கேபிளோடு 17 முதல் 24 வரையுள்ள போர்ட்களுக்கு மாற்றினால் எல்லாம் ஓடுகின்றன. 1 முதல் 8 வரை லேப்டாப்பைச் செருகினால் லிங்க் வருகிறது, டேட்டா போகிறது. பவர் மட்டும்தான் இல்லை. உங்கள் இன்ஜினியர் சொன்னபடி ஃபர்ம்வேரைப் புதுப்பித்து ஃபேக்டரி ரீசெட்டும் செய்தாயிற்று, பலன் இல்லை. எட்டு போர்ட்கள் சேர்ந்தாற்போல் போனால் அது கேபிள் கோளாறாக இருக்க வழியில்லை. அந்த எட்டுக்கும் பவர் கொடுக்கும் கன்ட்ரோலர் சிப் போயிருக்கிறது என்பதுதான் என் கணிப்பு. போர்டைத் திறந்து பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

லோடு அதிகம் என்று சொல்வதற்கும் இடமில்லை. பதினாறு கேமராக்களும் மூன்று ஆக்சஸ் பாயின்ட்களும் சேர்ந்து 150 வாட் அளவுக்குத்தான் இழுக்கின்றன. சுவிட்சின் பிஓஇ பட்ஜெட் 370 வாட். ரேக் இருப்பது ஆபீஸ் ஏசி அறையில், தையல் ஃப்ளோரின் பஞ்சுத் தூசி அங்கே வராது. ஆன்லைன் யுபிஎஸ் வழியாகத்தான் கரன்ட் போகிறது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 1 வோல்ட்டுக்குக் கீழேதான் காட்டுகிறது. நவம்பரில் உங்கள் இன்ஜினியரே அளந்து பார்த்துச் சரி என்று எழுதிக் கொடுத்தார்.

ஆகவே நாங்கள் கேட்பது: அதே மாடல் அல்லது அதற்கு மேற்பட்ட மாடலில், சீல் பிரிக்காத புது சுவிட்ச். ரிப்பேர் செய்ததோ, வேறொரு வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்ததோ ஏற்க மாட்டோம். புது சீரியல் நம்பருக்கு வாரண்டி எந்தத் தேதி வரை என்பதை எழுத்தில் தர வேண்டும். கம்பெனியிலிருந்து வரத் தாமதமாகும் என்றால் நாளைக்கே ஒரு ஸ்டாண்ட்பை அனுப்புங்கள், 8 போர்ட் பிஓஇ இருந்தாலும் சமாளித்துக்கொள்வோம். பழையதை எடுத்துப்போகும் கூரியர் செலவு உங்களுடையது.

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. 17 முதல் 24 வரை ஏற்கெனவே இருந்த கேமராக்களைக் கழற்றிவிட்டுத்தான் கட்டிங், குடோன் கேட் கேமராக்களை அங்கே மாற்றியிருக்கிறோம். இப்போது பேக்கிங் பக்கம் ரெக்கார்டிங் இல்லை. ஜூன் முதல் வாரத்தில் பையர் ஆடிட் வருகிறது, சிசிடிவி பதிவில் இடைவெளி இருந்தால் அதற்கு விளக்கம் எழுதவேண்டியது நான்தான்.

மே 19 திங்கட்கிழமைக்குள் மாற்றித் தர முடியாவிட்டால், ஜிஎஸ்டியோடு முழுத் தொகைக்கும் கிரெடிட் நோட் போட்டுவிடுங்கள், வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறோம். புது யூனிட்டுக்கு உங்களிடம் கொட்டேஷன் வாங்கிய இரண்டு சுவிட்ச்களின் ஆர்டரையும் அதுவரை நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன். மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம் சார். இது தீராமல் அதே மாடலுக்கு எங்கள் முதலாளியிடம் கையெழுத்து வாங்க என்னால் முடியாது.

பில், நவம்பர் ஜாப் ஷீட், லாக் ஃபைல், சீரியல் நம்பர் ஸ்டிக்கரின் படம், போர்ட் மாற்றிச் சோதித்த வீடியோ ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். இன்ஜினியர் வருவதென்றால் காலை 10 மணிக்கு மேல் அனுப்புங்கள், கேட்டில் சொல்லி வைக்கிறேன்.

நன்றி,
செந்தில்
ஐடி பொறுப்பாளர்