அம்மம்மாவின் விளைமீன் சொதி

(திருகோணமலை. வீட்டுக் குசினி. அடுப்பில் மண்சட்டி.)

அம்மம்மா: ஒரு தேங்காய்ப் பூவில முதற்பால் ஒரு கப் பிழிஞ்சு தனியா வை. மிச்சத்தில தண்ணி விட்டு இரண்டு கப் கப்பிப்பால் எடு.

பேத்தி: ரெண்டையும் சேர்த்து விட்டால் என்ன?

அம்மம்மா: முதற்பால் கனநேரம் கொதிச்சால் திரைஞ்சு போகும் பிள்ளை. இப்ப கப்பிப்பாலில பத்துச் சின்ன வெங்காயம், கீறின பச்சை மிளகாய் நாலு, அரைத் தேக்கரண்டி வெந்தயம், கால் தேக்கரண்டி மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு போடு. வெந்தயம் கூடினால் கைக்கும்.

(வெங்காயம் கண்ணாடி போல் ஆகிறது.)

அம்மம்மா: அரைக் கிலோ விளைமீனை மெல்லமா இறக்கு. தலையையும் போடு, ருசியே அதிலதான்.

(பேத்தி அகப்பையை எடுக்கிறாள்.)

அம்மம்மா: ஐயோ, அகப்பை வேண்டாம், மீன் உடையும்! சட்டியைப் பிடிச்சு ஆட்டு. ஏழெட்டு நிமிசம் காணும்.

பேத்தி: இப்ப முதற்பாலா?

அம்மம்மா: ஓம், நெருப்பைக் குறைச்சிட்டு விடு. ஓரத்தில நுரை கட்டினதும் இறக்கு.

பேத்தி: தேசிக்காய்?

அம்மம்மா: இறக்கி, சூடு கொஞ்சம் தணிஞ்ச பிறகு பாதி பிழி. அடுப்பில இருக்கேக்க விட்டால் பால் பிரிஞ்சிடும். புட்டை எடு.