பயிற்சி: மசாலா இயந்திரத்துக்கு எந்தத் தேய்மான முறை?

காக்கி புக்கிட்டில் மசாலாப் பொடி தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனம், 2022 ஜனவரி 1 அன்று அரைக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கியது. கணக்காண்டு டிசம்பர் 31-இல் முடியும். விலை 46,000 வெள்ளி. அதன்மேல் 7% பொருள் சேவை வரி 3,220 வெள்ளி; நிறுவனம் இந்த வரிக்குப் பதிவு செய்திருப்பதால் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கொண்டுவந்து பொருத்தியதற்கு 3,000, ஓட்டிப் பார்த்ததற்கு 1,000, முதலாண்டுக் காப்பீட்டுக்கு 1,200 வெள்ளி செலவானது. இயந்திரம் 4 ஆண்டுகள் உழைக்கும், கடைசியில் 6,500 வெள்ளி தேறும் என்பது மதிப்பீடு.

(அ) இயந்திரத்தின் அடக்க விலை என்ன?
(ஆ) நேர்கோட்டு முறையிலும், 40% வீதத்தில் குறைந்து செல் மதிப்பு முறையிலும் 4 ஆண்டுகளுக்கும் தேய்மானம் கணக்கிடுக.
(இ) 2024 டிசம்பர் 31 அன்று, அந்த ஆண்டின் தேய்மானத்தையும் எழுதிய பிறகு, இயந்திரம் 12,000 வெள்ளிக்கு விற்கப்பட்டால் இரு முறைகளிலும் லாபமா, நட்டமா?
(ஈ) "குறைந்து செல் முறையைப் பிடித்தால் முதலாண்டு வருமான வரி குறையும்" என்கிறார் முதலாளி. சரியா?

விடை

(அ) 46,000 + 3,000 + 1,000 = 50,000 வெள்ளி. இயந்திரத்தை வேலைக்குத் தயாராக்கிய செலவு மட்டும்தான் சேரும். காப்பீடு அந்த ஆண்டின் செலவு. திரும்பக் கிடைத்த வரி செலவே இல்லை.

(ஆ) நேர்கோட்டு முறையில் (50,000 − 6,500) ÷ 4 = ஆண்டுக்கு 10,875 வெள்ளி. குறைந்து செல் முறையில் 6,500-ஐ முதலில் கழிக்கக் கூடாது. ஒவ்வோர் ஆண்டும் தொடக்க ஏட்டு மதிப்பில் 40% எடுக்க வேண்டும். தேர்வில் அதிகம் மதிப்பெண் போவது இங்கேதான்.

| ஆண்டு | நேர்கோடு: தேய்மானம் | ஏட்டு மதிப்பு | குறைந்து செல்: தேய்மானம் | ஏட்டு மதிப்பு |
|---|---|---|---|---|
| 2022 | 10,875 | 39,125 | 20,000 | 30,000 |
| 2023 | 10,875 | 28,250 | 12,000 | 18,000 |
| 2024 | 10,875 | 17,375 | 7,200 | 10,800 |
| 2025 | 10,875 | 6,500 | 4,300 | 6,500 |

2025-இல் 10,800-க்கு 40% என்றால் 4,320 வரும். அதை அப்படியே எழுதினால் ஏட்டு மதிப்பு 6,480 ஆகி, எஞ்சிய மதிப்புக்குக் கீழே இறங்கிவிடும். அதனால் 4,300-இல் நிறுத்துகிறோம். கால்குலேட்டர் இதைச் சொல்லாது. நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

(இ) நேர்கோட்டில் 12,000 − 17,375 = 5,375 வெள்ளி நட்டம். குறைந்து செல் முறையில் 12,000 − 10,800 = 1,200 வெள்ளி லாபம். இயந்திரம் ஒன்று, வாங்கியவர் ஒருவர், கைக்கு வந்த பணமும் ஒன்று. அப்புறம் எப்படி ஒன்றில் நட்டம், ஒன்றில் லாபம்? மூன்று ஆண்டுகளையும் சேர்த்துப் பாருங்கள். நேர்கோட்டில் தேய்மானம் 32,625, நட்டம் 5,375, ஆக 38,000. குறைந்து செல்லில் தேய்மானம் 39,200, அதில் லாபம் 1,200 போக 38,000. 50,000-க்கு வாங்கி 12,000-க்கு விற்றால் போனது 38,000தான். எந்த முறையும் அதை மாற்றாது. எந்த ஆண்டில் எவ்வளவு சுமை விழுகிறது என்பதை மட்டுமே மாற்றும். விற்பனையில் வரும் இந்த "லாபம்" முதலாளியின் பேரத் திறமை அல்ல, முன்பு அதிகம் எழுதிய தேய்மானம் திரும்பி வருவது.

ஆனால் ஆண்டு வாரியாகப் பார்க்கிறவருக்கு வித்தியாசம் பெரிது. தேய்மானத்துக்கு முந்தைய லாபம் ஆண்டுதோறும் 35,000 என்று வைத்துக்கொள்வோம். விற்பனை விளைவைச் சேர்க்காமல், நேர்கோட்டில் மூன்று ஆண்டும் லாபம் 24,125 என்று ஒரே மட்டத்தில் நிற்கும். மற்றதில் 15,000, 23,000, 27,800 என ஏறும். வியாபாரம் வளர்வதுபோல் தோன்றும், வளர்ந்திருக்காது. கடன் கொடுக்கும் வங்கி எந்த முறை என்று குறிப்பைப் பார்ப்பது இதனால்தான்.

இந்த இயந்திரத்துக்கு நான் குறைந்து செல் முறையைத்தான் எடுப்பேன். மிளகாயும் மல்லியும் அரைபடும் பற்கள் முதலில்தான் வேகமாகத் தேயும். பிற்பாடு பழுதுச் செலவு ஏறும்போது தேய்மானம் இறங்கியிருக்கும். மூன்றாம் ஆண்டு முடிவில் சந்தை கொடுத்த 12,000-க்குப் பக்கத்தில் நின்றதும் 10,800தான், 17,375 அல்ல. அதுவே கடை அலமாரி என்றால் நேர்கோடு போதும்.

(ஈ) தவறு. சிங்கப்பூரில் வருமான வரி கணக்கிடும்போது ஏட்டில் எழுதிய தேய்மானம் லாபத்தோடு திரும்பக் கூட்டப்படும். அதற்குப் பதிலாக வரிச் சட்டப்படி கேப்பிட்டல் அலவன்ஸ் கழிக்கப்படும். ஆகவே 20,000 எழுதினாலும் 10,875 எழுதினாலும் வரி ஒன்றே.

வீட்டில் செய்ய: விற்பனை 2024 ஜூன் 30 அன்று, அதே 12,000 வெள்ளிக்கு நடந்ததாக வைத்து (இ)-யைத் திரும்பச் செய்க. 2024-க்கு ஆறு மாதத் தேய்மானம் மட்டும். நேர்கோட்டில் 10,812.50, குறைந்து செல்லில் 2,400 வெள்ளி நட்டம் வர வேண்டும்.